ஒரே எண்ணெய், இரண்டு குறியீடுகள்: விலைப்பட்டியலில் எச்.எஸ்.என். எண்ணைத் தேர்வது எப்படி?

ஹேடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பல் சரக்கை இறக்கியபின், அச்சரக்கு கடைகளுக்குச் சென்று சேருமுன் அதன் தாள்களே கைமாறுகின்றன. அத்தாள்களில் ஒவ்வொரு பொருளின் பெயருக்கு அருகிலும் நான்கு, ஆறு அல்லது எட்டு இலக்கங்களில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அதுவே எச்.எஸ்.என். குறியீடு. விலையையும் அளவையும் இருமுறை சரிபார்க்கும் வணிகர்கள் கூட இந்த எண்ணைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கணக்கு மென்பொருள் எதை அச்சிடுகிறதோ அதுவே சரி என்று விட்டுவிடுகின்றனர். அந்த எண் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், தவறினால் பின்னாளில் என்ன நேரும் என்பதைத் தீவுகளில் எல்லோரும் அறிந்த ஒரு பொருளை, தேங்காய் எண்ணெயை, எடுத்துக்கொண்டு இங்குக் காண்போம்.

எண்ணின் அமைப்பு

இந்தக் குறியீட்டு முறை உலகச் சுங்க அமைப்பினால் உருவாக்கப்பட்டு 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை. கடைசி இரண்டு இலக்கங்களை நம் நாடு சேர்த்துக்கொண்டுள்ளது. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் குறிக்கும். முதல் நான்கும் சேர்ந்து தலைப்பு எனப்படும். எடுத்துக்காட்டாக, 08 என்பது பழங்கள், கொட்டைகள் ஆகியவற்றின் அத்தியாயம். முழுத்தேங்காய் அதில் 0801 என்னும் தலைப்பில் வருகிறது. கொப்பரை 1203. தேங்காய் எண்ணெய் 1513. கூந்தலுக்கான எண்ணெய் 3305. ஒரே தென்னையிலிருந்து வந்த பொருள்கள் இவ்வாறு நான்கு அத்தியாயங்களில் பிரிந்து நிற்கின்றன.

2021 ஏப்ரல் 1 முதல், முந்தைய நிதியாண்டின் விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்டவர் ஆறு இலக்கங்களையும், அதற்கு உட்பட்டவர் பதிவுபெற்ற வணிகருக்கு விற்கும்போது நான்கு இலக்கங்களையும் விலைப்பட்டியலில் குறிப்பிட வேண்டும். ஆகவே ஹேடோவின் சிறு, நடுத்தர வணிகர்களில் பலருக்கு நான்கு இலக்கங்களே போதுமானவை. ஆனால் நம்முடைய எடுத்துக்காட்டில் சிக்கல் எழுவது அந்த நான்கு இலக்கங்களிலேதான்.

உச்ச நீதிமன்றம் வரை சென்ற குப்பி

சிறு குப்பியில் அடைக்கப்பட்ட தூய தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா? கலால் வரிக் காலத்தில் எழுந்த இந்தக் கேள்வி, சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்காக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. சிறு பொதிகளை மக்கள் தலைக்குத் தேய்க்கவே வாங்குகின்றனர், எனவே அவை 3305 என்னும் தலைப்பில் வர வேண்டும் என்பது துறையின் வாதம். எண்ணெய் தூய்மையானது, உண்ணத் தகுந்தது, எனவே 1513 என்பது நிறுவனத்தின் வாதம்.

2018 ஏப்ரல் 13 அன்று நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், ஆர். பானுமதி ஆகிய இருவரும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். பின்னர், அன்றைய தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா தலைமையிலான மூவர் அமர்வு 2024 டிசம்பர் 18 அன்று முடிவான தீர்ப்பை அளித்தது. குப்பி சிறியது என்பதாலேயே தூய தேங்காய் எண்ணெய் கூந்தல் எண்ணெயாகிவிடாது. 33ஆம் அத்தியாயத்தின் குறிப்பு சொல்லும் நிபந்தனைகளைப் பொதியும் சீட்டும் நிறைவு செய்தால் மட்டுமே அது 3305இல் சேரும். இல்லையேல் 1513இலேயே நிற்கும் என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பு வணிகருக்குக் கற்றுத் தரும் பாடம் ஒன்றே. வாங்குபவர் வீட்டில் என்ன செய்கிறார் என்பதைக் கொண்டு குறியீடு முடிவாவதில்லை. தலைப்பின் சொற்கள், அத்தியாயக் குறிப்புகள், பொருள் எந்த வடிவில் எந்தப் பயனுக்கென்று விற்கப்படுகிறது என்பவை ஆகிய மூன்றுமே அதை முடிவு செய்கின்றன.

படிப்படியாகத் தேர்தல்

இதே மூன்றையும் கடைக்காரர் தம் மேசையிலேயே பார்க்கலாம். சுங்கக் கட்டணச் சட்டத்தின் அட்டவணைக்கு ஆறு பொது விளக்க விதிகள் உள்ளன. அவையே சரக்கு மற்றும் சேவை வரிக்கும் பொருந்துகின்றன. முதல் விதியே மிக முக்கியமானது. அத்தியாயத்தின் பெயர் இடத்தைக் காட்ட மட்டுமே உதவும். வகைப்பாட்டை முடிவு செய்வன நான்கு இலக்கத் தலைப்பின் சொற்களும், பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே என்கிறது அது.

ஒரு வணிகரின் கிடங்கில் இரண்டு குப்பிகள் இருப்பதாகக் கொள்வோம். முதற்குப்பியில் 200 மில்லி தூய தேங்காய் எண்ணெய். சீட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் உள்ளது. தலைமுடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் குப்பியில் 100 மில்லி எண்ணெய். சீட்டில் மூலிகைகளின் பெயர்கள், நறுமணம் சேர்த்த குறிப்பு, பெண்ணொருத்தியின் நீண்ட கூந்தல் படம், முடிக்குத் தேய்க்கும் முறை ஆகியவை உள்ளன.

1513 என்னும் தலைப்பின் சொற்களைப் படித்தால், தேங்காய் எண்ணெய், அது சுத்திகரிக்கப்பட்டதாயினும் அல்லாததாயினும், வேதிமுறையில் மாற்றப்படாத வரையில் அதில் அடங்கும் என்று காண்கிறோம். குப்பியின் அளவைப் பற்றி அங்கு ஒன்றும் இல்லை. எனவே முதற்குப்பி 1513. அடுத்து 33ஆம் அத்தியாயத்தின் மூன்றாம் குறிப்பைப் படித்தால், 3303 முதல் 3307 வரையிலான தலைப்புகள் அந்தப் பயனுக்கு ஏற்றவையாகவும், அந்தப் பயனுக்கெனச் சில்லறையில் விற்கும் வகையிலான பொதியில் அடைக்கப்பட்டவையாகவும் உள்ள பொருள்களுக்குப் பொருந்தும் என்று காண்கிறோம். இரண்டாம் குப்பி இதற்கு முற்றிலும் பொருந்துகிறது. அதன் அடிப்படை தேங்காய் எண்ணெயே ஆனாலும் அது 3305.

ஆக, செய்ய வேண்டியவை இவை: சீட்டைப் படிப்பது, பொருந்தக்கூடிய தலைப்புகளைப் பக்கத்தில் பக்கமாக வைப்பது, அவற்றின் அத்தியாயக் குறிப்புகளைப் படிப்பது, அதன்பின் மட்டுமே வரி விகித அறிவிக்கையைத் திறப்பது. இந்த வரிசை மாறக்கூடாது. விகிதத்தை முதலில் பார்த்து அதற்கேற்ற எண்ணைத் தேடுபவர் தம்மை அறியாமலே குறைந்த விகிதத்தின் பக்கம் சாய்வார்.

வழங்குநரின் விலைப்பட்டியலில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. அதைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விற்பவர் என்ற முறையில் தாங்கள் அச்சிடும் எண்ணுக்குத் தாங்களே பொறுப்பு. வழங்குநர் அப்படித்தான் போட்டிருந்தார் என்பது வரியைத் தள்ளுபடி செய்யும் காரணம் ஆகாது.

தவறு எங்கே பிறக்கிறது

குறியீட்டுத் தவறு பெரும்பாலும் விலைப்பட்டியல் எழுதும் நாளில் பிறப்பதில்லை. மென்பொருளின் பொருள் பட்டியலில் ஒரு பொருள் முதன்முறை பதியப்படும் நாளில் பிறக்கிறது. மேற்சொன்ன வணிகர் முதற்குப்பியை 1513 என்று சரியாகப் பதிகிறார். மூலிகை எண்ணெய் வந்தபோது, பெயரில் "தேங்காய் எண்ணெய்" என்ற சொற்கள் இருப்பதைக் கண்டு, பணியாளர் பழைய பதிவையே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார். எண் மாறவில்லை, விகிதமும் மாறவில்லை. அந்த ஒரு நகல் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் அச்சாகிறது.

இது 2024-25 நிதியாண்டில் நடந்ததாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். அப்போது சமையல் தேங்காய் எண்ணெய்க்கு வரி 5 விழுக்காடு. கூந்தல் எண்ணெய்க்கு 18 விழுக்காடு. மூலிகை எண்ணெயின் ஆண்டு விற்பனை மதிப்பு, வரி நீங்கலாக, 10,00,000 ரூபாய் என்க. அவர் வசூலித்த வரி 50,000. வசூலித்திருக்க வேண்டியது 1,80,000. குறைவு 1,30,000 ரூபாய். அந்தமான் நிகோபார் ஒன்றியப் பகுதி ஆகையால், தீவுக்குள் நடந்த இவ்விற்பனையில் இதில் பாதி மத்திய வரி, பாதி ஒன்றியப் பகுதி வரி.

இதே எண்ணெயைச் சென்னை வழங்குநர் 3305 என்றே சரியாக எழுதி, 18 விழுக்காடு ஒருங்கிணைந்த வரியுடன் அனுப்பியிருந்தார் என்க. கொள்முதல் மதிப்பு 8,00,000 என்றால் அதன்மேல் வரி 1,44,000. அதாவது, உள்ளே வரும்போது 1,44,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு. வெளியே போகும்போது 50,000 ரூபாய் மட்டுமே வரி. மிஞ்சும் 94,000 ரூபாய் வரவை அவர் கடையின் மற்றப் பொருள்களுக்கான வரியில் கழித்துக்கொள்கிறார். அதனால் மாதந்தோறும் ரொக்கமாகக் கட்ட வேண்டிய தொகை குறைகிறது. வியாபாரம் நன்றாக நடப்பது போலவும் தோன்றுகிறது.

தவறைக் கண்டறியும் எளிய அடையாளம் இதுவே. ஒரு பொருளை அதிக விகிதத்தில் வாங்கிக் குறைந்த விகிதத்தில் விற்கிறோம் என்றால், இரண்டு விலைப்பட்டியல்களில் ஒன்று தவறு. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு பொருளுக்கும் கொள்முதல் பில்லையும் விற்பனைப் பில்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், இது வெளிப்பட்டுவிடும். தாங்கள் பாராவிட்டாலும் துறை பார்க்கும். பெரிய வழங்குநர்களின் மின்னணு விலைப்பட்டியலில் பொருள்வாரியாகக் குறியீடும் விகிதமும் பதிவாகின்றன. தங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 12ஆம் அட்டவணையிலும் குறியீட்டுவாரியான சுருக்கம் உள்ளது. 2025 மே மாத வரிக்காலம் முதல் அந்த அட்டவணையில் எண்ணைத் தட்டச்சு செய்ய இயலாது. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவே வேண்டும். அதற்குரிய அதிகாரப்பூர்வமான விவரிப்பு தானாகவே நிரம்பும். பில்லில் "மூலிகைக் கூந்தல் எண்ணெய்" என்றும் படிவத்தில் வெறும் தேங்காய் எண்ணெய் என்றும் இருந்தால், அந்த முரண் கண்ணில் படாமல் போகாது.

பின்னாளில் நேர்வன

முதலாவது, குறைவு வரி. சில்லறை வாடிக்கையாளரிடம் சென்று, சென்ற ஆண்டு வாங்கிய குப்பிக்கு இன்னும் 13 விழுக்காடு தாருங்கள் என்று கேட்க முடியாது. ஆகவே 1,30,000 ரூபாயும் வணிகரின் கையிலிருந்தே போகும்.

இரண்டாவது, வட்டி. ஆண்டுக்கு 18 விழுக்காடு வீதம், சராசரியாக இரண்டு ஆண்டுத் தாமதம் என்றால் 46,800 ரூபாய். வரியை உள்ளீட்டு வரவிலிருந்து செலுத்தலாம். வட்டியை ரொக்கமாகவே செலுத்த வேண்டும்.

மூன்றாவது, தண்டம். 2024-25 முதலான ஆண்டுகளுக்குப் பொருந்தும் 74ஏ பிரிவின்படி, ஏமாற்றும் எண்ணம் இல்லாத தவறுக்கு வரியில் 10 விழுக்காடு அல்லது 10,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக முடிவானால் வரிக்குச் சமமான தொகை. ஆனால் எண்ணமில்லாத தவறாயின், அறிவிக்கை வருமுன் தாமே வரியையும் வட்டியையும் டி.ஆர்.சி-03 படிவம் வழியாகச் செலுத்துபவருக்குத் தண்டம் இல்லை. அறிவிக்கை பிறப்பிக்கப்பட்ட 60 நாளுக்குள் செலுத்தினாலும் இல்லை. தவறு தெரிந்தபின் காத்திருப்பது ஏன் நட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

நான்காவது, வழியில் சரக்கு நிற்பது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு சென்னையிலிருந்து புறப்படும்போது மின்வழிச் சீட்டில் இந்தக் குறியீடு இடம்பெறுகிறது. 2018 செப்டம்பர் 14 நாளிட்ட சுற்றறிக்கை ஒன்று இங்கு அறியத்தக்கது. முதல் இரண்டு இலக்கங்களும் வரி விகிதமும் சரியாக இருந்து, நான்கு அல்லது ஆறு இலக்க அளவில் மட்டும் பிழை இருந்தால், அதற்காகச் சரக்கைத் தடுத்து வைக்கும் நடவடிக்கை கூடாது. மாநிலங்களிடை விற்பனையில் 1,000 ரூபாய் தண்டம் போதும் என்கிறது அது. ஆனால் 33 இருக்க வேண்டிய இடத்தில் 15 இருந்தால் இச்சலுகை கிடையாது. கப்பல் கடக்கவே சுமார் மூன்று நாள் ஆகும் தீவுக்கு, கரையிலேயே சரக்கு தடைப்பட்டு ஒரு பயணம் தவறினால், அடுத்த கப்பல் வரும்வரை கடையின் அலமாரி வெறுமையாக இருக்கும்.

ஐந்தாவது எங்கள் மேசைக்கு நேராக வருவது. வரிக் கேட்பு உத்தரவாகி, அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்பினால், தகராறிலுள்ள வரியில் 10 விழுக்காட்டை முன்கூட்டியே செலுத்த வேண்டும். மேல்முறையீடும் இன்றி, உரிய மூன்று மாதங்களும் கடந்தால், துறை டி.ஆர்.சி-13 என்னும் அறிவிப்பை வங்கிக்கே அனுப்பி, கணக்கிலுள்ள பணத்தைக் கேட்கலாம். அத்தகைய அறிவிப்புக்கு வங்கி கட்டுப்பட்டாக வேண்டும். சரக்குக்கு முன்பணம் அனுப்ப வைத்திருந்த தொகை அன்று வேறு வழியில் போய்விடும். நடப்பு மூலதனக் கடன் வரம்பைப் புதுப்பிக்கும்போதும் நாங்கள் வரிப்படிவங்களையும் இருப்பு அறிக்கையையும் ஒப்பிட்டே பார்க்கிறோம். நிலுவையிலுள்ள வரிக் கேட்பு, செலுத்த நேரக்கூடிய பொறுப்பாகக் கணக்கில் நிற்கும்.

அதிகமாக வசூலித்தால்?

எதற்கும் அதிக விகிதத்தையே போட்டுவிடுவோம், அப்போது யாரும் கேட்க மாட்டார் என்று எண்ணுவோரும் உண்டு. தூய தேங்காய் எண்ணெயை 3305 என்று எழுதி 18 விழுக்காடு வசூலித்திருந்தால், வரி என்று வசூலித்த தொகை முழுவதும் அரசுக்குச் சேர வேண்டியதே. அதைத் திரும்பக் கேட்பவர், அந்தச் சுமையை வாடிக்கையாளர் மேல் ஏற்றவில்லை என்று நிறுவ வேண்டும். பில்லில் தனியே காட்டி வசூலித்தவரால் அதை நிறுவுவது அரிது. பதிவுபெற்ற வணிகருக்கு விற்றிருந்தால், அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30க்குள் வரவுக் குறிப்பு வழங்கிச் சரிசெய்ய வழியுண்டு. அதற்கிடையே, சரியான எண்ணுடன் விற்கும் அடுத்த கடைக்காரரின் விலை குறைவாக இருக்க, வாடிக்கை அங்கே சென்றிருக்கும்.

இப்போது விகிதம் ஒன்றே ஆயிற்றே?

2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெய்க்கும் வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இனி 1513, 3305 என்னும் வேறுபாடு தேவையா என்ற கேள்வி இயல்பானதே.

தேவை என்பதற்குக் காரணங்கள் இரண்டு. விகிதம் குறைந்தது அந்த நாள் முதல்தான். அதற்கு முந்தைய விற்பனைக்குப் பழைய விகிதமே. 2024-25 ஆண்டுக்கான ஆண்டுப் படிவத்தின் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதிலிருந்து 42 மாதங்கள் வரை, அதாவது 2029 ஜூன் இறுதி வரை, அறிவிக்கை அனுப்பச் சட்டம் இடமளிக்கிறது. மற்றொன்று, விகிதம் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறும்; பொருளின் வகை அவ்வாறு மாறுவதில்லை. இன்று ஒன்றாக உள்ள இரு விகிதங்கள் நாளை பிரிந்தால், சரியான எண்ணை வைத்திருப்பவரின் மென்பொருளில் விகிதத்தை மட்டும் மாற்றினால் போதும். தவறான எண்ணை வைத்திருப்பவர் மீண்டும் பழைய இடத்துக்கே வருவார்.

செய்து வைக்க வேண்டியவை

மென்பொருளின் பொருள் பட்டியலைத் தாளில் எடுத்து, ஒவ்வொரு பொருளின் சீட்டுடன் ஒப்பிடுக. புதுப் பொருளுக்குப் பழைய பதிவை நகலெடுக்கும் வழக்கத்தைக் கடையில் நிறுத்துக. ஐயத்துக்குரிய பொருள்களின் காலிக் குப்பி அல்லது சீட்டின் படம், வழங்குநரின் பில், எந்தத் தலைப்பையும் குறிப்பையும் படித்து முடிவெடுத்தீர்கள் என்னும் இரண்டு வரிக் குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பில் நாளிட்டு வைத்திருங்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குப்பியின் சீட்டே மாறியிருக்கும். அன்று இருந்த சீட்டைக் காட்டுவதற்கு இந்தக் கோப்பைத் தவிர வேறு சான்று இராது.

விற்பனை பெரிதாகவும் ஐயம் தீராததாகவும் இருந்தால், முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகலாம். மத்தியச் சட்டத்துக்கு 5,000, ஒன்றியப் பகுதிச் சட்டத்துக்கு 5,000 எனக் கட்டணம் 10,000 ரூபாய். அத்தீர்ப்பு விண்ணப்பித்தவரையும் அவருக்குரிய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். அடுத்த கடைக்காரர் பெற்ற தீர்ப்பைத் தாங்கள் கேடயமாக ஏந்த இயலாது. சிறு வணிகத்துக்கு ஒரு தேர்ந்த வரி ஆலோசகரின் எழுத்துவடிவக் கருத்தே போதுமானதாகும்.

எந்த எண் சரி என்று முடிவு செய்யும் அதிகாரம் வங்கிக்கு இல்லை. ஆனால் கடன் வரம்பைப் புதுப்பிக்க வரும்போது இந்தக் கோப்பையும் உடன் கொண்டுவருமாறு எங்கள் வணிக வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படிவத்தில் காணும் ஏற்ற இறக்கங்களுக்கு எங்கள் கேள்விகள் பலவற்றின் விடை அதிலேயே இருக்கும்.